ஆம்ஸ் சரியாகத்தான் காட்டியது, குழாயில் தண்ணீர் இல்லை: உங்கள் டிரை ரன் அனுபவங்களைச் சொல்லுங்கள்

ஊற்றுக்கண்

மூன்று வாரம் ஆகிறது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அதனால் எழுதுகிறேன்.

போர்வெல்லில் 1 ஹெச்.பி. சிங்கிள் பேஸ் சப்மெர்சிபிள் பம்ப். பேனலில் கரண்ட் பார்த்து நிறுத்தும் டிரை ரன் ரிலே இருக்கிறது. பொருத்திய அன்று பகலில் மோட்டார் 6.8 ஆம்ஸ் எடுத்தது. ரிலேயை 5.6-இல் வைத்தேன், தாமதம் 8 விநாடி. அடுத்த மாதமே ஒரு மதியம் போரில் தண்ணீர் இறங்கி, முள் 4.9-க்கு வந்து, எட்டாவது விநாடியில் டக்கென்று நின்றது. கண்ணால் பார்த்ததால் முழு நம்பிக்கை வந்துவிட்டது. பிறகுதான் இரவு 2 மணிக்கு டைமரில் ஓட விட ஆரம்பித்தேன்.

அன்று விடிகாலை 5:30-க்கு எழுந்து போனேன். காண்டாக்டர் இழுத்தபடி இருக்கிறது, பச்சை விளக்கு எரிகிறது, மீட்டரில் 6.0 ஆம்ஸ். எல்லாம் சரி என்று திரும்பப் போனவன், என்னவோ தோன்றி டெலிவரி குழாயில் உள்ளங்கையை வைத்தேன். தண்ணீர் போகும்போது அந்தக் குழாய் ஜில்லென்று இருக்கும், உள்ளே ஒரு துடிப்பு தெரியும். அன்று இரண்டும் இல்லை. காற்றில் கிடக்கும் இரும்பைத் தொட்டது போல இருந்தது. தொட்டியை எட்டிப் பார்த்தால் கால்வாசிகூட ஏறவில்லை. மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் காய்ந்து ஓடியிருக்கிறது.

பம்பை மேலே எடுத்தோம். காயில் நன்றாகத்தான் இருக்கிறது, மெகர் வைத்துப் பார்த்தாயிற்று. ஆனால் மேலே இருந்த நாலைந்து ஸ்டேஜில் பிளாஸ்டிக் இம்பெல்லர்கள் இளகி, கிண்ணத்தோடு ஒட்டிக் கிடந்தன. விரலால் சுற்றினால் ஷாப்ட் அசையவில்லை.

பகலில் நிறுத்திய அதே ரிலே இரவில் ஏன் நிறுத்தவில்லை? ரிலேயைக் கழற்றிச் சோதித்தேன், 5.6-க்குக் கீழே கொடுத்தால் இப்போதும் நிறுத்துகிறது. அன்று காலை வோல்ட் மீட்டர் 252 காட்டியது என்பது மட்டும் நினைவில் இருக்கிறது. பகலில் எங்களுக்கு 218 வரும்.

செம்புக்கம்பி

தம்பி, டிரை ரன் ரிலேயை மட்டும் நம்பினால் இப்படித்தான். ஓவர்லோட் ரிலேயைச் சரியாக வைத்திருந்தால் அது அடித்திருக்கும். தண்ணீர் இல்லாவிட்டால் மோட்டார் சூடாகும், சூடானால் ஓவர்லோட் அடிக்கும், இதுதான் கணக்கு.

என்னிடம் 7.5 ஹெச்.பி. த்ரீ பேஸ் ஓடுகிறது. தண்ணீரோடு 11 ஆம்ஸ், காய்ந்தால் 5. ரிலேயை 8-இல் வைத்து ஒன்பது வருடம் ஆகிறது. இரவா பகலா என்று அது பார்ப்பதே இல்லை. ஆகவே கரண்ட் முறையில் குற்றம் இல்லை, உங்கள் ரிலேயில்தான் ஏதோ கோளாறு. நன்றாகப் பாருங்கள்.

மதகு

ஊற்றுக்கண், உங்கள் ரிலேயில் கோளாறு இல்லை. இதே குழியில் நான் விழுந்திருக்கிறேன். என் மோட்டாரும் 1 ஹெச்.பி. சிங்கிள் பேஸ். எரிந்து போகாமல் தப்பித்தது தற்செயல். அப்போதிலிருந்து நோட்டில் அளந்து எழுதி வைத்திருக்கிறேன்.

215 வோல்ட்டில் தண்ணீரோடு 6.9 ஆம்ஸ், காய்ந்து 4.8. இடையில் 2 ஆம்ஸுக்கு மேல் இடம் இருக்கிறது, எந்த ரிலேயும் பிடித்துவிடும். 250 வோல்ட்டில் தண்ணீரோடு 6.5, காய்ந்து 6.0. அரை ஆம்ஸ்தான் வித்தியாசம்.

காரணம் இதுதான். மோட்டார் இழுக்கும் கரண்டில் ஒரு பகுதி வேலைக்குப் போகிறது, இன்னொரு பகுதி இரும்புக்குள் காந்தத்தை உண்டாக்க மட்டும் போகிறது. தண்ணீர் நின்றதும் வேலைக்குப் போவது குறையும், காந்தத்துக்குப் போவது அப்படியே இருக்கும். வோல்டேஜ் ஏறினால் இந்தக் காந்தப் பங்கு வேகமாக ஏறும். இரும்பு ஏற்கெனவே நிறைந்த நிலையில் இருப்பதால் கொஞ்சம் வோல்டேஜ் கூடினாலே கரண்ட் அதிகமாகக் கூடிவிடும். தண்ணீரோடு ஓடும்போது கதை நேர்மாறு. வேலை ஏறக்குறைய அதேதான், வோல்டேஜ் கூடினால் அதற்கான கரண்ட் குறையும். ஆக ஒன்று மேலே ஏறுகிறது, மற்றொன்று கீழே இறங்குகிறது, நள்ளிரவில் இரண்டும் கிட்டத்தட்டச் சந்தித்துக்கொள்கின்றன. நீங்கள் பகலில் வைத்த 5.6 பகலுக்குச் சரி. இரவில் காய்ந்து ஓடினாலே 6.0 வருகிறது, ரிலே எப்படி நிறுத்தும்?

இப்போது வாட்ஸ் பாருங்கள். 215-இல் தண்ணீரோடு 1,290, காய்ந்து 460. 250-இல் தண்ணீரோடு 1,390, காய்ந்து 610. எந்த வோல்டேஜிலும் பாதிக்கும் கீழே விழுகிறது. 900-இல் ஒரு கோடு போட்டால் பகலும் இரவும் ஒன்றுதான். ஆம்ஸ் பார்க்கும் ரிலேயை எடுத்துவிட்டு வாட்ஸ் பார்க்கும் ரிலே போட்டேன்.

செம்புக்கம்பி அண்ணே, உங்கள் த்ரீ பேஸ் மோட்டாருக்கு நீங்கள் சொன்னது சரிதான். பெரிய மோட்டாரில் சும்மா ஓடும் கரண்ட் பாதிக்கும் கீழே இருக்கும், இடைவெளி தாராளம். சிறிய சிங்கிள் பேஸில் அந்தத் தாராளம் கிடையாது. ஆனால் ஓவர்லோட் அடிக்கும் என்றீர்களே, அதை ஏற்க முடியவில்லை. ஓவர்லோட் ரிலே கரண்டைத்தான் பார்க்கிறது, சூட்டை அல்ல. காய்ந்து ஓடும்போது கரண்ட் குறைகிறது, அதற்கு அது ஏன் அடிக்கப் போகிறது?

நீரோட்டம்

கரண்டை வைத்து இவ்வளவு கணக்குப் போட வேண்டாம் என்றுதான் நான் பிளோ ஸ்விட்ச் போட்டேன். தண்ணீர் போகிறதா இல்லையா, நேரே தண்ணீரையே கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். குழாய்க்குள் ஒரு துடுப்பு, தண்ணீர் தள்ளினால் சாயும், நின்றால் நிமிரும். இரண்டு வருடம் பிரச்சினையே இல்லை.

மேலே இருக்கும் மோனோபிளாக் பம்ப் அது. ஒரு நாள் புட் வால்வில் குப்பை மாட்டி, சக்ஷனில் தண்ணீர் இறங்கிவிட்டது. மோட்டார் ஓடுகிறது, பேனல் "பிளோ சரி" என்கிறது. நாற்பது நிமிடம் கழித்து ஒரு கீச்சுச் சத்தம் கேட்டு ஓடினேன். மெக்கானிக்கல் சீலில் இருந்து ஆவி வருகிறது. ஸ்விட்சை அணைத்துவிட்டு சக்ஷன் பக்கத்துப் பி.வி.சி. குழாயைத் தொட்டேன். ரப்பர் போல வளைந்தது. பம்போடு சேரும் இடத்தில் குழாய் தொங்கிப்போய், ஜாயின்ட் கையோடு வந்துவிட்டது. உள்ளே அடைபட்டிருந்த கொஞ்சத் தண்ணீரை இம்பெல்லர் சுற்றிச் சுற்றியே கொதிக்க வைத்திருக்கிறது.

பிளோ ஸ்விட்சைக் கழற்றினால், துடுப்பின் அச்சில் செம்மண் நிறத்தில் பாறை போலப் படிவு. தண்ணீர் தள்ளிய நிலையிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. எத்தனை நாளாக அப்படி இருந்ததோ தெரியாது. ஒட்டிக்கொண்ட ஸ்விட்ச் என்னைப் பொறுத்தவரை ஸ்விட்சே இல்லாததைவிட மோசம். இருக்கிறது என்று நம்பி நான் பக்கத்திலேயே போகவில்லை.

செம்புக்கம்பி

ஓவர்லோட் பற்றி மதகு சொன்னதை யோசித்துப் பார்த்தேன். காயிலுக்குள்ளேயே வைத்துச் சுற்றும் தெர்மல் கட்-அவுட்டைத்தான் நான் மனதில் வைத்திருந்தேன். அது சூட்டைத்தான் பார்க்கும். என் மோட்டாரில் இருக்கிறது. ஆகவே நான் சொன்னது முழுத் தவறு அல்ல.

நீரோட்டம் சொல்வதைப் படித்த பிறகு இன்னும் உறுதியாகச் சொல்கிறேன்: தண்ணீருக்குள் அசையும் பாகம் எதுவாக இருந்தாலும் ஒரு நாள் மாட்டும். கரண்ட் சென்சார் வெளியே பேனலில் காய்ந்த இடத்தில் இருக்கிறது, அதில் படிய ஒன்றுமில்லை. என் ஓட்டு கரண்டுக்குத்தான்.

மதகு

அண்ணே, தெர்மல் கட்-அவுட் காயிலைக் காப்பாற்றும், அதில் மறுப்பே இல்லை. ஆனால் ஊற்றுக்கண்ணின் காயிலுக்கு ஒன்றும் ஆகவில்லையே. போர் பம்பில் மோட்டார் கீழே, பம்ப் மேலே. தண்ணீர் பம்பின் வாய் வரை இறங்கி நின்றால் மோட்டார் இன்னும் தண்ணீருக்குள்தான் இருக்கும், கட்-அவுட் அடிக்கும் அளவுக்குச் சூடாகாது. மேலே இம்பெல்லர்கள் வெந்துகொண்டிருக்கும். நீரோட்டத்தின் பம்பிலும் முதலில் போனது சீல்தான். சீலின் இரண்டு முகமும் தண்ணீர்ப் படலத்தின் மேல்தான் ஓடுகின்றன, அது போனால் காயிலுக்குச் சூடு ஏறுவதற்கு எவ்வளவோ முன்பே சீல் முடிந்துவிடும்.

நீரோட்டம், உங்கள் ஸ்விட்சைத் திரும்பப் போடும்போது ஒன்று செய்யுங்கள். மோட்டார் நின்றிருக்கும்போது பிளோ ஸ்விட்ச் "தண்ணீர் இல்லை" என்று காட்டியே ஆக வேண்டும். மோட்டாரை எடுப்பதற்கு முன் பேனல் அதைப் பார்க்கட்டும். நின்ற மோட்டாருக்கு "பிளோ சரி" வந்தால் துடுப்பு ஒட்டிவிட்டது என்று அர்த்தம், மோட்டாரை எடுக்கவே கூடாது. ஒரு ஆக்ஸிலரி ரிலேயில் இதைச் செய்துவிடலாம். உங்கள் படிவு முதல் நாளே தெரிந்திருக்கும்.

தோட்டத்துவீடு

எனக்கும் இதே பிரச்சினைதான், ஆனால் நேர்மாறாக நடக்கிறது. அரை ஹெச்.பி. சிறிய பம்ப், கீழ்த் தொட்டியில் இருந்து மேல் தொட்டிக்கு ஏற்றுவது. மேலே மிதவை வால்வு மூடியதும் டிரை ரன் ரிலே அடித்து நிறுத்தும் என்று கடையில் சொல்லிக் கொடுத்தார்கள். அடிக்கவே இல்லை. வால்வு மூடினால் ஆம்ஸ் குறையவில்லை, கூடுகிறது! 2.9-இல் இருந்து 3.8-க்குப் போகிறது. இங்கே எல்லோரும் தண்ணீர் நின்றால் கரண்ட் குறையும் என்கிறீர்கள். என் மீட்டர் தப்பா?

பைப்லைன்

என் அனுபவம் சின்னது. குழாயில் காற்றாடி போலச் சுற்றும் பிளாஸ்டிக் பிளோ சென்சார் போட்டிருந்தேன். சக்ஷனில் ஒரு ஜாயின்ட் காற்று வாங்க ஆரம்பித்தது, பம்ப் தண்ணீரும் காற்றுமாகத் துப்பியது, சென்சாரோ வழக்கத்தைவிட அதிகத் தண்ணீர் போவதாகக் காட்டியது. காற்று அந்தச் சக்கரத்தைத் தண்ணீரைவிட வேகமாகச் சுற்றிவிடுகிறது. அவ்வளவுதான்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் பிளோ சென்சார் வைக்கப் போகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிப் பேர் எல்போவுக்குப் பக்கத்திலேயே வைக்கிறார்கள். எல்போவைத் தாண்டியதும் தண்ணீர் சுழன்றுகொண்டே வரும், துடுப்பு ஆடிக்கொண்டே இருக்கும். குழாயின் விட்டத்தைப் போல ஐந்து மடங்காவது, முடிந்தால் பத்து மடங்கு, நேரான குழாய் சென்சாருக்கு முன்னால் இருக்க வேண்டும். ஒன்றரை அங்குலக் குழாய் என்றால் பதினைந்து அங்குலம், அப்படி ஒன்றும் பெரிய இடமில்லை. படுக்கைக் குழாயில் வைப்பதானால் துடுப்பு மேலிருந்து கீழே தொங்கும்படி வையுங்கள். கீழே வைத்தால் மணல் அச்சில் உட்காரும்.

அடுத்து, மோட்டார் எடுத்தவுடனே தண்ணீர் சென்சாருக்கு வந்துவிடாது. ஆழமான போரில் செக் வால்வு கசிந்தால் குழாய் முழுக்கக் காலியாகி, மறுபடி நிரம்ப அரை நிமிடம்கூட ஆகலாம். அந்த நேரத்துக்குப் பேனல் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். எவ்வளவு நேரம் என்று யாரோ சொன்ன எண்ணை வைக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க நிறுத்தி வைத்துவிட்டு, மறுநாள் எடுத்து, தண்ணீர் வரும் நேரத்தைக் கடிகாரத்தில் பாருங்கள். அதோடு ஐந்து விநாடி சேர்த்து வையுங்கள்.

இன்னொன்று, தானாகத் திரும்ப எடுக்கும் டைமர். நிறைய பேர் ஐந்து நிமிடத்தில் வைக்கிறார்கள். போர் ஊறவே ஒரு மணி நேரம் ஆகும் என்றால், அந்த ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு தடவை மோட்டார் காய்ந்து எடுக்கும். ஒவ்வொரு தடவையும் பத்து விநாடி என்றாலும் இரண்டு நிமிடம் காய்ந்து ஓடியாயிற்று, ஸ்டார்ட்டிங் கரண்ட் வேறு காயிலைச் சூடாக்கும். தண்ணீர் மட்டம் நிமிர எவ்வளவு நேரம் என்று கயிற்றில் கல் கட்டி அளந்து பாருங்கள், அதைவிடக் குறைவாக வைக்காதீர்கள். இரண்டாவது தடவையும் காய்ந்து நின்றால் மூன்றாவது தடவை தானாக எடுக்க விடாதீர்கள், மனிதர் வந்து பார்க்கட்டும்.

மதகு

தோட்டத்துவீடு, உங்கள் மீட்டர் தப்பில்லை. ஆனால் நீங்கள் கேட்பது டிரை ரன் அல்ல, வால்வு மூடிய நிலை. இரண்டிலும் தண்ணீர் நகரவில்லை என்பதால் ஒன்று போலத் தெரிகிறது. காய்ந்து ஓடும்போது பம்புக்குள் தண்ணீர் இல்லை, வால்வு மூடினால் உள்ளே தண்ணீர் நிறைய இருக்கிறது, போக வழி இல்லை. சாதாரண மையவிலக்குப் பம்ப் என்றால் வால்வு மூடும்போது லோடு குறையும். உங்களுடையது ஓரமெல்லாம் சிறுசிறு பல் வெட்டிய தட்டையான சக்கரம் உள்ள பம்பாக இருக்க வேண்டும். அந்த ஜாதியில் வால்வை மூட மூட லோடு ஏறும், மூடிய நிலையில்தான் உச்சம். உங்கள் 3.8 அதுதான். டிரை ரன் ரிலே இதற்கு உதவாது. மேல் தொட்டியில் மிதவை ஸ்விட்ச் போட்டு மோட்டாரையே நிறுத்துங்கள். கீழ்த் தொட்டி காலியாகும்போது காய்ந்து ஓடுமே, அதற்கு ரிலே வேலை செய்யும், ஆனால் அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

செம்புக்கம்பி

வாட்ஸ் பார்க்கச் சொல்கிறீர்கள், சரி. அதைவிடப் பவர் ஃபேக்டர் பார்த்தால் இன்னும் சுலபமல்லவா? காய்ந்தால் 0.85-இல் இருந்து 0.4-க்கு விழும் என்பது உங்கள் கணக்கிலேயே வருகிறது. மோட்டார் எத்தனை ஹெச்.பி. என்றுகூடப் பார்க்க வேண்டாம்.

மதகு

நல்ல கேள்வி அண்ணே. த்ரீ பேஸில் நானும் அதைத்தான் விரும்புவேன். சிங்கிள் பேஸ் பேனலில் கெப்பாசிட்டர் இருக்கிறதே, அங்கேதான் தயங்குகிறேன். கெப்பாசிட்டருக்கு முன்னால் அளந்தால் ஒரு பவர் ஃபேக்டர், பின்னால் ஒரு கம்பியில் மட்டும் அளந்தால் வேறொன்று. கெப்பாசிட்டர் நாளாக ஆகச் சோர்ந்தாலும் எண் மாறும். பேனலுக்குள் வரும் கம்பியில் வாட்ஸ் அளந்தால் கெப்பாசிட்டர் ஏறக்குறைய ஒன்றும் எடுத்துக்கொள்ளாது, அதனால் வாட்ஸில் நிற்கிறேன். பவர் ஃபேக்டரை வைத்தே பல வருடம் நன்றாக ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களைத் தப்பென்று சொல்ல என்னிடம் அளவு இல்லை.

வாட்ஸுக்கும் ஒரு குறை உண்டு. கோடையில் நீர்மட்டம் இறங்க இறங்க, அதிக உயரம் தூக்க வேண்டியிருப்பதால் தண்ணீர் குறைவாக வரும், வாட்ஸும் மெல்ல இறங்கும். இம்பெல்லர் தேய்ந்தாலும் அப்படித்தான். 1,290 இருந்த இடத்தில் எனக்கு 1,100 வந்திருக்கிறது. கோட்டை ரொம்ப மேலே, 1,100-க்குப் பக்கத்தில், வைத்தவர்களுக்குத் தண்ணீர் இருக்கும்போதே நிற்கும். அப்போது எரிச்சலில் ரிலேயைப் பைபாஸ் செய்துவிடுவார்கள்.

சாலிடர்

மதகு அக்கா சொன்ன வாட்ஸ் முறையை நானே சிறிய போர்டில் செய்து வைத்திருந்தேன். அதில் ஏமாந்த கதை இது.

மாட்யூலில் இருந்து ஒரு விநாடிக்கு ஒரு தடவை வாட்ஸ் வாங்கி, 500-க்குக் கீழே எட்டுத் தடவை தொடர்ந்து வந்தால் ரிலேயை விடு என்று எழுதினேன். மேசையில் வைத்துச் சோதித்தபோது ஒவ்வொரு தடவையும் நிறுத்தியது. பேனலுக்குள் பொருத்திய பிறகு ஒரு நாள் தொட்டி காலியாகியும் மோட்டார் நிற்கவில்லை. லேப்டாப்பை மாட்டிப் பார்த்தேன். திரையில் வரிசையாக `nan`, `nan`, `nan`. காண்டாக்டர் இழுக்கும் இரைச்சலில் மாட்யூலோடு பேசும் கம்பி குழம்பி, அளவே வரவில்லை. `nan` 500-ஐவிடச் சிறியதா என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். என் நிரல் அதை "தண்ணீர் இருக்கிறது" என்று எடுத்துக்கொண்டது. கண் தெரியாதவரிடம் வழி கேட்டு, அவர் ஒன்றும் சொல்லாததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டது போல.

இப்போது இப்படி:

```cpp
float w = pzem.power();
if (isnan(w)) bad++;
else { bad = 0; dry = (w < 500) ? dry + 1 : 0; }
if (dry >= 8 || bad >= 5) digitalWrite(RELAY, LOW);
```

மோட்டார் எடுத்து 15 விநாடி கழித்துத்தான் இது ஓட ஆரம்பிக்கும். அளவு ஐந்து தடவை வராவிட்டாலும் நிறுத்திவிடும். அந்தக் கம்பியைக் காண்டாக்டரை விட்டுத் தள்ளி, இரண்டையும் முறுக்கிக் கொண்டு போனதும் `nan` வருவதே நின்றுவிட்டது, ஆனாலும் அந்த வரியை எடுக்கவில்லை. கம்பியைக் கழற்றிவிட்டு மோட்டாரை ஓட விட்டுப் பாருங்கள், நிற்க வேண்டும். மேசையில் நான் செய்யாமல் விட்ட சோதனை அது.

ஊற்றுக்கண்

எல்லோருக்கும் நன்றி. மதகு சொன்னதை அப்படியே செய்து பார்த்தேன். புது பம்ப் இறக்கி, பேனலுக்கு வரும் கம்பியில் வாட்ஸ் மீட்டர் மாட்டியிருக்கிறேன். பகலில் 219 வோல்ட், 6.8 ஆம்ஸ், 1,300 வாட். இரவு 11 மணிக்கு 253 வோல்ட், 6.4 ஆம்ஸ், 1,390 வாட். வோல்டேஜ் ஏறும்போது ஆம்ஸ் இறங்குவதைக் கண்ணால் பார்த்தேன்.

காய்ந்த அளவு இன்னும் கையில் இல்லை. அதற்காகப் பம்பைக் காய விட மனம் வரவில்லை. கோட்டை 900-இல் வைத்திருக்கிறேன், தாமதம் அதே 8 விநாடி. இரவு டைமரை எடுத்துவிட்டேன். போர் இறங்குகிற நாள் இந்த வாரத்தில் வரும் போலிருக்கிறது, நேற்று மாலையே ஒரு மணி நேரம் ஓடியதும் 1,300-இல் இருந்து 1,210-க்கு வந்து முள் ஆட ஆரம்பித்தது. காற்று வாங்க ஆரம்பித்ததும் அந்த ஆட்டம் 900-க்கு மேலும் கீழுமாகப் போனால் எட்டு விநாடி எண்ணிக்கை ஒவ்வொரு தடவையும் முதலில் இருந்து தொடங்குமா? அப்படியானால் ரிலே நிற்காமலே போய்விடுமே. இதைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நான் ஒரு கையைக் குழாயில் வைத்தபடி பக்கத்திலேயே நிற்கப் போகிறேன்.